ஒரே ஆர்டர், நான்கு பில்: ஒவ்வொன்றும் எதற்கு?

ஒரு பெரிய ஆர்டருக்கான சரக்கு நான்கு லோடாகப் போகிறது. நான்கு பில்லையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. எண்ணிக்கை சரி, விலை சரி, வரி சரி. ஆனாலும் வாங்கியவரின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் மூன்றாவது பில் நின்றுவிடுகிறது. இது பி.ஓ.வில் எந்தப் பகுதிக்கு, அட்வான்ஸில் எவ்வளவு கழித்தீர்கள், போன லோடில் உடைந்து வந்ததை இதில் சேர்த்தீர்களா என்று கேட்டு மின்னஞ்சல் வருகிறது. விற்றவரின் அலுவலகத்தில் பழைய பில்களைத் தேடி எடுத்துப் பதில் எழுதுவதற்குள் அந்த மாதத்துப் பட்டுவாடா முடிந்துவிடுகிறது.

இந்தத் தாமதத்துக்கு வாங்குபவரை மட்டும் குறை கூற முடியாது. பகுதி சப்ளைக்கான பில் தன் லோடுக்கு மட்டும் கணக்குச் சொன்னால் போதாது. முழு ஆர்டரில் தான் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்பதே இந்த இதழின் கருத்து. ஜி.எஸ்.டி. விதிகளின் 46-வது விதி பில்லில் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் பி.ஓ. எண் இல்லை, முன் அனுப்பியது எவ்வளவு என்ற விவரமும் இல்லை. சட்டம் கேட்பதை மட்டும் நிரப்பினால் பில் செல்லும். ஆனால் அந்தப் பில்லுக்கு உரிய பணம் உரிய நாளில் வருவதற்குத் தேவையான விவரம் அதில் இருக்காது.

எந்த முறை என்பதை முதல் லோடுக்கு முன் முடிவு செய்யுங்கள்

சரக்கு பல தடவையாகப் போகும்போது பில் போட இரண்டு முறைகள் உள்ளன. ஒவ்வொரு லோடுக்கும் தனி வரிப் பில் போடுவது ஒன்று. முழுவதற்கும் ஒரே பில்லை முதலிலேயே போட்டுவிட்டு, அடுத்தடுத்த லோடுகளை டெலிவரி சலானில் அனுப்புவது மற்றொன்று. இரண்டாவது முறையை 55-வது விதியின் 5-வது உட்பிரிவு விளக்குகிறது. முதல் லோடு கிளம்பும் முன் முழுப் பில் போட வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு லோடுக்கும் அந்தப் பில்லைக் குறிப்பிட்டுச் சலான் எழுத வேண்டும். பில்லின் சான்றளித்த நகல் ஒவ்வொரு லோடுடனும், அசல் பில் கடைசி லோடுடனும் போக வேண்டும். ஈ-வே பில் தளத்திலும் இதற்கென SKD/CKD/Lots என்று ஒரு தனி வகை இருக்கிறது.

இந்த இரண்டாவது முறை, ஒரு பெரிய இயந்திரத்தைக் கழற்றி நான்கு லாரியில் ஏற்றும் நிலைமைக்குப் பொருந்துவது. அங்கே முதல் லாரியில் வந்த பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கியவர் எதுவும் செய்ய முடியாது. விற்கப்பட்ட பொருள் ஒன்றுதான், அதனால் பில்லும் ஒன்று. அந்த இயந்திரத்தின் சட்டகம், மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று லாரிக்கு ஒரு பில்லாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எச்.எஸ்.என். குறியீடு போட நேரும். வாங்கியவரின் பி.ஓ.வில் ஒரு இயந்திரம் இருக்கும், பில்களிலோ அது எங்கும் இருக்காது.

எண்ணி விற்கும் சரக்குக்கு இதே முறையைப் பயன்படுத்தினால் இரு தரப்புக்கும் நட்டம். விற்றவர் இன்னும் செய்து முடிக்காத சரக்குக்கும் சேர்த்து அடுத்த மாதமே வரி கட்ட வேண்டியிருக்கும். வாங்கியவருக்கோ, ஒரு பில்லுக்கான சரக்கு தவணை தவணையாக வந்தால் கடைசித் தவணை வந்த பிறகே உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். இது ஜி.எஸ்.டி. சட்டம் 16-வது பிரிவின் 2-வது உட்பிரிவில் உள்ள நிபந்தனை. ஆகவே, ஒவ்வொரு லோடும் தனித்தே பயன்படுமா, பி.ஓ.வில் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் லோடுக்கு ஒரு பில் போடுவதே சரி. இதைப் பி.ஓ. வந்தவுடன் இரு தரப்பும் எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. ஒரு லோடு ஒரு முறையிலும் அடுத்தது வேறு முறையிலும் போனால் பின்னால் எந்தக் குறிப்பு எழுதியும் அந்தக் கணக்கைச் சீராக்குவது கடினம்.

ஒரு ஆர்டரை முழுமையாகப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனம் மோனோபிளாக் பம்பு செய்கிறது. மதுரையில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனம் கோடைக்கு முன்பாக 1,000 பம்பு கேட்டு பி.ஓ. அனுப்புகிறது. ஒன்றின் விலை ரூ.6,000. ஆக மொத்தம் ரூ.60,00,000. வரி 18 சதவீதம் என்று கொண்டால் ரூ.10,80,000, எல்லாம் சேர்த்து ரூ.70,80,000. வரி நீங்கிய விலையில் 20 சதவீதமான ரூ.12,00,000 அட்வான்ஸாக வந்துவிட்டது. சரக்கு 300, 250, 250, 200 என நான்கு லோடாகப் போக வேண்டும். மதுரைக் கிடங்கில் இறக்கும் வரை சேதத்துக்கு விற்பவரே பொறுப்பு.

முதலில் அட்வான்ஸ். சரக்குக்காக வாங்கும் முன்பணத்துக்கு, வாங்கும்போதே வரி கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பர் 15 தேதியிட்ட 66/2017 அறிவிக்கை சொல்கிறது. ஆகவே அந்த 12 லட்சம் வரி படாத பணம். வரி முழுவதும் பில் போடும் நாளில்தான் எழுகிறது. முதல் லோடுக்குரிய 300 பம்பின் மதிப்பு ரூ.18,00,000. அதற்கு வரி ரூ.3,24,000. பில்லின் மொத்தம் ரூ.21,24,000. இதற்குக் கீழேதான் அட்வான்ஸைக் கழிக்க வேண்டும். 300 பம்புக்கு உரிய பங்கு, ஒன்றுக்கு ரூ.1,200 வீதம் ரூ.3,60,000. மதுரை நிறுவனம் இந்தப் பில்லுக்குத் தர வேண்டியது ரூ.17,64,000.

பலர் இங்கே கழித்தலை வரிக்கு மேலே செய்துவிடுகிறார்கள். 18 லட்சத்தில் 3,60,000 போக மீதி 14,40,000-க்கு மட்டும் வரி போட்டால் வரி ரூ.2,59,200 ஆகிறது. உண்மையில் கட்ட வேண்டியதைவிட ரூ.64,800 குறைவு. நான்கு பில்லிலும் இப்படியே போனால் குறைவு ரூ.2,16,000 ஆகிவிடும். தணிக்கையில் இது பிடிபடும்போது வட்டியும் சேர்ந்திருக்கும். வாங்கியவருக்கும் அந்த அளவு வரி வரவு வராமல் போயிருக்கும். உங்கள் பில்லில் இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பில்லில் உள்ள வரிக்குரிய மதிப்பை எண்ணிக்கையால் வகுங்கள். பி.ஓ.வில் உள்ள விலையே வர வேண்டும். இந்தக் கணக்கில் 6,000 வராமல் 4,800 வந்தால் அட்வான்ஸ் தவறான இடத்தில் கழிக்கப்பட்டிருக்கிறது.

அட்வான்ஸ் முழுவதையும் முதல் பில்லிலேயே கழித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. பி.ஓ. அப்படிச் சொன்னால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் பி.ஓ. ஒன்றும் சொல்லாதபோது விகிதப்படி கழிப்பதே மேல். முதல் பில்லிலேயே 12 லட்சமும் தீர்ந்துவிட்டால், இரண்டாம் லோடுக்குப் பின் ஆர்டர் நின்றுபோகும் நிலையில், மீதிப் பம்புகளுக்காக வாங்கிப் போட்ட வார்ப்பிரும்புக்கும் செம்புக் கம்பிக்கும் விற்றவர் கையில் ஈடு எதுவும் இருக்காது. விகிதப்படி கழித்தால் ஒவ்வொரு பில்லிலும் ஒன்றுக்கு ரூ.1,200 என்ற ஒரே எண் வரும். சரிபார்ப்பவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒப்புக்கொள்வார்.

உடைந்து வந்த ஆறு

இரண்டாவது லோடில் 250 பம்பு போனது. பில் மொத்தம் ரூ.17,70,000. அட்வான்ஸ் ரூ.3,00,000 போகத் தர வேண்டியது ரூ.14,70,000. மதுரைக் கிடங்கில் பெட்டியைப் பிரித்தபோது ஆறு பம்பின் வார்ப்பு உடலில் விரிசல். கிடங்குக்காரர் 244 மட்டும் ஏற்றுக்கொண்டதாக ஜி.ஆர்.என். போட்டு, குறையை எழுத்தில் தெரிவித்தார்.

இந்த ஆறைத் தீர்க்க இரண்டு நேர் வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றுச் சரக்கு கையில் இருந்தால், இரண்டாம் பில்லைக் குறிப்பிட்டு ஆறு பம்பை விலையில்லாமல் சலானில் அனுப்பலாம். அப்போது பில் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. ஏற்றுக்கொண்டது 550, பில் போட்டதும் 550. மாற்று உடனே இல்லையென்றால் ஜி.எஸ்.டி. சட்டம் 34-வது பிரிவின்படி கிரெடிட் நோட் தர வேண்டும். ஆறு பம்பின் மதிப்பு ரூ.36,000, வரி ரூ.6,480, ஆக ரூ.42,480. இவற்றுக்கென முன்பு கழித்த அட்வான்ஸ் ரூ.7,200 மறுபடி மீதிக்கணக்குக்குத் திரும்புகிறது. எனவே அந்தப் பில்லில் மதுரை நிறுவனம் குறைத்துக்கொள்ள வேண்டியது ரூ.35,280. உள்ளீட்டு வரி வரவிலும் ஆறுக்கு உரியதை அது திருப்ப வேண்டும். பில் கணக்கு இப்போது 544 ஆகிவிட்டது. இன்னும் அனுப்ப வேண்டியது 450 அல்ல, 456.

இந்த இரண்டு வழிகளையும் கலக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. கிரெடிட் நோட்டும் கொடுத்துவிட்டு, மூன்றாவது லோடில் ஆறைக் கூடுதலாக ஏற்றி, பில்லில் 250 என்றே எழுதுவார்கள். ஜி.ஆர்.என். 256 என்று வரும். அல்லது 250 பம்பு ஏற்றி, அதில் ஆறு மாற்றுச் சரக்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டு 244-க்குப் பில் போடுவார்கள். இரண்டிலும் பி.ஓ., ஜி.ஆர்.என்., பில் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மூன்றும் பொருந்தாத பில்லை எந்த அக்கவுண்ட்ஸ் பிரிவும் பட்டுவாடாவுக்கு அனுப்பாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போய் மின் பில் கட்டாயமான நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.ஆர்.என். பெற்ற பில்லை 24 மணி நேரத்துக்குள் முழுதாக ரத்து செய்யலாமே தவிர அதில் ஓர் எண்ணைத் திருத்த முடியாது. சேதம் தெரியவருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எனவே பழைய பில்லைத் தொடாமல் கிரெடிட் நோட் வழியே போவதுதான் முறை.

நமது எடுத்துக்காட்டில் கிரெடிட் நோட் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது லோடு 250, தர வேண்டியது ரூ.14,70,000. பில் கணக்கு 794. மீதி 206.

பில்லில் எழுத வேண்டிய நான்கு வரி

மூன்றாவது பில்லின் விவரப் பகுதியில், பொருளின் பெயருக்குக் கீழே, இப்படி எழுதலாம்:

*தங்கள் பி.ஓ. (எண், நாள்), வரிசை 1: மொத்தம் 1,000.*
*இதற்கு முன் பில் போட்டது 550, கிரெடிட் நோட்டில் கழித்தது 6, நிகரம் 544.*
*இந்தப் பில்: 250 பம்பு (வரிசை எண்கள் இணைப்பில்). இதுவரை 794, இனி அனுப்ப வேண்டியது 206.*
*அட்வான்ஸ் ரூ.12,00,000: முன் கழித்தது நிகரமாக ரூ.6,52,800, இப்போது ரூ.3,00,000, மீதி ரூ.2,47,200.*

நான்கு வரிகள்தான். ஆனால் மின்னஞ்சலில் வரும் மூன்று கேள்விகளுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இவற்றைத் தனிக் கடிதமாக இணைப்பதைவிடப் பில்லிலேயே அச்சிடுவது நல்லது. இணைப்புகள் கிடங்கிலேயே தங்கிவிடும், பில்தான் மேசை மேசையாகப் போகும். பி.ஓ.வில் பல பொருள்கள் இருந்தால் பி.ஓ.வின் வரிசை எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். மென்பொருளில் வாங்கியவர் தேடுவது அந்த எண்ணைத்தான்.

‘4-இல் 3’ என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது போதாது என்பதோடு சில சமயம் தவறாகவும் போகிறது. லாரி கிடைக்காமல் கடைசி லோடு இரண்டாகப் பிரிந்தால் நான்காவது பில்லுக்குப் பின் ஐந்தாவது வந்து நிற்கும். லோடு எத்தனை என்பது மாறக்கூடியது, ஆர்டரின் எண்ணிக்கைதான் நிலையானது. ஆகவே ஒவ்வொரு பில்லும் எண்ணிக்கையை வைத்தே தன் இடத்தைச் சொல்லட்டும்.

பில் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். ஒரே ஆர்டர் என்பதைக் காட்ட 127ஏ, 127பி என்று எண் போடுகிறார்கள். பில் எண் இடைவெளியில்லாத வரிசையில், 16 எழுத்துகளுக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் ஒரே முறை மட்டும் வர வேண்டும் என்பது 46-வது விதி. பில் எண் நிறுவனத்தின் வரிசையைக் காட்டுவதற்கு உரியது. ஆர்டரோடு இணைக்கும் வேலையைப் பி.ஓ. எண்ணிடம் விட்டுவிட வேண்டும். மார்ச்சில் மூன்று லோடும் ஏப்ரலில் ஒரு லோடும் போனால் பில் எண்கள் இரண்டு நிதியாண்டு வரிசைகளில் சிதறிவிடும். அப்போது நான்கையும் சேர்த்துப் பிடிக்கப் பி.ஓ. எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஒவ்வொரு லோடுக்கும் தனி நாள் கணக்கு

‘எல்லாம் வந்து சேரட்டும், மொத்தமாகத் தருகிறோம்’ என்ற பதிலைச் சிறு உற்பத்தியாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டத்தின் 15-வது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு போக முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் 16-வது பிரிவின்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. ஏற்ற நாள் என்பது சரக்கு உண்மையில் ஒப்படைக்கப்பட்ட நாள். லோடுக்கு ஒரு பில் போட்டிருந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் அந்த நாள் தனித்தனியாகத் தெளிவாக இருக்கும்.

இதில் சேதக் கணக்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொன்னால், விற்றவர் அந்தக் குறையை நீக்கிய நாளே ஏற்ற நாளாகிறது. நமது முதல் லோடு ஜனவரி 20-இல் இறங்கியது, குறை இல்லை. 45 நாள் கெடு மார்ச் 6-இல் முடிகிறது. இரண்டாவது லோடு பிப்ரவரி 10-இல் இறங்கி, 14-இல் குறைக் கடிதம் வந்து, 18-இல் கிரெடிட் நோட் போனது. அந்தப் பில்லின் கெடு 18-இலிருந்து எண்ணி ஏப்ரல் 4. கிரெடிட் நோட்டை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால், ஆறு பம்பை வைத்து 244 பம்புக்கான பணமும் ஒரு மாதம் தள்ளிப் போக இடம் கொடுத்ததாக ஆகியிருக்கும். எனவே கிரெடிட் நோட்டை மாதக் கடைசி வரை வைத்திருக்காமல் குறைக் கடிதம் வந்த வாரத்திலேயே அனுப்புங்கள். பில்லின் கீழே ‘கெடு நாள்’ என்று தேதியையே அச்சிடுங்கள். ‘45 நாள்’ என்று மட்டும் இருந்தால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி எழும்.

கடைசிப் பில்

நான்காவது லோடு 200 அல்ல, 206. மதிப்பு ரூ.12,36,000, வரி ரூ.2,22,480, மொத்தம் ரூ.14,58,480. மீதியிருந்த அட்வான்ஸ் ரூ.2,47,200 முழுவதும் தீர்கிறது. தர வேண்டியது ரூ.12,11,280.

இந்தப் பில்லோடு ஒரு பக்கத்தில் ஆர்டரின் முழுக் கணக்கையும் அனுப்புவது அவசியம். நான்கு பில்லில் தர வேண்டியவற்றைக் கூட்டி, கிரெடிட் நோட்டின் ரூ.35,280-ஐக் கழித்தால் ரூ.58,80,000 வருகிறது. ஆர்டரின் மொத்தமான ரூ.70,80,000-இல் அட்வான்ஸ் போக மீதியும் அதுவே. வரியும் 10,80,000-க்குச் சரியாக வருகிறது. இந்த இரண்டு கூட்டலும் பொருந்தினால்தான் ‘இறுதிப் பில்’ என்ற சொல்லை எழுதலாம். வாங்கியவர் நடுவில் ஆர்டரைக் குறைத்து முடித்துக்கொண்டால், திருத்திய பி.ஓ.வைக் கேட்டு வாங்கி, அதன் எண்ணிக்கையை வைத்து மீதியைச் சுழியமாக்கிய பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். மீதி இருக்கும்போது இறுதி என்று எழுதினால் அட்வான்ஸில் நிற்கும் தொகைக்கும் இன்னும் போக வேண்டிய சரக்குக்கும் யார் பொறுப்பு என்ற தகராறு அதிலிருந்தே தொடங்கும்.

பில் மென்பொருள்களில் இந்த நான்கு வரியைத் தானாக நிரப்பும் வசதி வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பி.ஓ. ஒன்றுக்கு ஒரு தாள் போதும். அதில் லோடு, பில் எண், எண்ணிக்கை, கழித்த அட்வான்ஸ், கிரெடிட் நோட், மீதி என்று ஆறு பத்தி இருக்கட்டும். பில் போடுபவர் ஒவ்வொரு முறையும் முதலில் அந்தத் தாளை நிரப்பி, அதிலிருந்து பில்லுக்கு எடுத்து எழுத வேண்டும். பில்லைப் போட்டுவிட்டுத் தாளைப் பிறகு நிரப்பினால், தாளில் தெரியும் பிழையைத் திருத்த முடியாத நேரம் ஆகியிருக்கும். உங்கள் கையில் இப்போது பாதி அனுப்பிய ஆர்டர்கள் இருக்கும். அடுத்த லோடு கிளம்பும் முன் அவற்றுக்கு இந்தத் தாளைப் போட்டுவிடுங்கள். முன் அனுப்பிய பில்களில் கணக்கு பொருந்தாத இடம் எதுவாக இருந்தாலும், கடைசி லோடு வரை காத்திராமல், இப்போதே கிரெடிட் நோட்டோ விளக்கக் கடிதமோ அனுப்பி நேர்செய்யுங்கள்.